தினம் நாலு பைசா வட்டிதானே என்று கேட்கிறவர்களுக்கு

அன்புள்ள பிள்ளைகளுக்கும் சொந்தபந்தங்களுக்கும்,

போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு படம் சுற்றியது. "ஒரு லட்சம் போடுங்கள், நாலு லட்சத்துக்குப் பங்கு வாங்குங்கள். வட்டி நூறு ரூபாய்க்குத் தினம் வெறும் நாலு பைசா." அதன் கீழே பதினேழு கட்டைவிரல். ஒருவர், "சார், நாலு பைசாவுக்குக் குற்றாலத்தில் ஒரு நேந்திரம் சிப்ஸ்கூடக் கிடைக்காது, இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க" என்று எழுதியிருந்தார். எட்டாம் வகுப்பில் தனிவட்டி கணக்குக்குப் பத்துக்குப் பத்து வாங்கியவர் அவர். அதனால்தான் கோபம் கொஞ்சம் கூடுதலாக வருகிறது.

பங்கு வாங்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. சொந்தப் பணத்தில் வாங்குகிறவர்களோடு எனக்கு வழக்கே கிடையாது. என் வழக்கு அந்தப் பொத்தானோடு. செயலியில் பங்கு வாங்கும் திரையைத் திறந்தால் இரண்டு பொத்தான்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றில் CNC என்றோ Delivery என்றோ இருக்கும். இன்னொன்றில் MTF என்றோ Pay Later என்றோ இருக்கும். இரண்டுக்கும் ஒரே அளவு, ஒரே எழுத்து. முதலாவது சொத்து வாங்குவது. இரண்டாவது கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவது. வங்கியில் நகையை அடகு வைக்கப் போனால்கூட அரைமணி நேரம் உட்கார வைத்து நாலு இடத்தில் கையெழுத்து வாங்குவார்கள். இங்கே விரலை அரை அங்குலம் தள்ளி வைத்தால் கடன்காரன். அதற்குப் பெயர் "அப்புறம் கொடுக்கலாம்". கடன் என்ற மூன்றெழுத்து அந்தத் திரையில் எங்கேயாவது பெரிசாகத் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

முதலில் இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்பதைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம்.

ரொக்கக் கணக்கு என்றால், 400 ரூபாய்ப் பங்கு 250 வாங்க வேண்டுமானால் ஒரு லட்சம் ரூபாயும் உங்கள் பணமாக இருக்க வேண்டும். வாங்கிய மறு வேலைநாள் பங்கு உங்கள் டிமேட்டில் வந்து உட்காரும். 2023 ஜனவரியிலிருந்து எல்லாப் பங்குகளுக்கும் இந்த ஒரு நாள் கணக்குதான். அதோடு முடிந்தது. விலை பாதியானாலும் யாரும் உங்களுக்குப் போன் செய்ய மாட்டார்கள். பத்து வருஷம் வைத்திருந்தாலும் கேட்பார் இல்லை. நஷ்டம் வரலாம். ஆனால் எப்போது விற்பது என்பதை நீங்கள்தான் முடிவு செய்வீர்கள்.

மார்ஜின் என்றால், விலையில் ஒரு பங்கை நீங்கள் போடுகிறீர்கள், மீதியைத் தரகர் போடுகிறார். அமெரிக்காவில் இதற்கென்று தனிக் கணக்கு உண்டு, தனி ஒப்பந்தம் உண்டு. நம் ஊரில் பெரும்பாலும் ஒரே கணக்குதான். உரிமைகள், கடமைகள் என்று நீளமான ஒரு படிவத்துக்கு ஒருதரம் சம்மதம் கொடுத்துவிட்டால், பிறகு ஒவ்வொரு ஆர்டரிலும் நீங்கள் எந்தப் பொத்தானை அமுக்குகிறீர்கள் என்பதை வைத்து அது ரொக்கமா கடனா என்று மாறிவிடும். இதற்கு செபி வைத்த பெயர் மார்ஜின் டிரேடிங் ஃபெசிலிட்டி. 2004-ல் வந்தது, 2017 ஜூனில் விதிகளைத் திருத்தினார்கள். அதற்கு முன்னால் மும்பைச் சந்தையில் பத்லா என்று ஒன்று இருந்தது. வாங்கிய பங்குக்குப் பணம் கட்டாமல் வட்டி மட்டும் கட்டி அடுத்த கணக்குக்குத் தள்ளிக்கொண்டே போவது. 2001-ல் சந்தை விழுந்தபோது அதை ஒழித்தார்கள். வயதானவர்கள் யாராவது இருந்தால் ஞாபகம் இருக்கும்.

எம்டிஎஃப்பில் வாங்கிய பங்கும் உங்கள் டிமேட்டில்தான் இருக்கும். ஆனால் தரகர் பேரில் அடமானம். முன்பு வாங்கிய அன்றைக்கே டெபாசிட்டரியிலிருந்து ஒரு செய்தி வந்தது, ஓடிபி போட்டு அடமானத்தை உறுதி செய்ய வேண்டியிருந்தது. அதைச் செய்யாமல் விட்டால் கடன் கிடைக்கவில்லை. மீதிப் பணத்தைக் கட்டச் சொன்னார்கள், இல்லையென்றால் விற்றுவிட்டார்கள். இந்த ஓடிபி முறை 2020 செப்டம்பரில் வந்தது. அதற்கு முன் பங்கு தரகர் கணக்குக்கே போய்விடும். கார்வி என்ற பெரிய தரகு நிறுவனம் வாடிக்கையாளர் பங்குகளை, கடனே வாங்காதவர்களின் பங்குகளையும் சேர்த்து, வங்கிகளில் அடகு வைத்தது பிடிபட்ட பிறகுதான் இந்த மாற்றம். செபி அதன்மேல் உத்தரவு போட்ட நாள் 2019 நவம்பர் 22. அன்றைக்குத்தான் தென்காசி தனி மாவட்டமாகத் தொடங்கியது. நாம் எல்லாரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தோம், இதை யார் கவனித்தார்கள்!

சரி, நாலு பைசாவுக்கு வருகிறேன்.

நூற்றுக்குத் தினம் நாலு பைசா என்றால் மாதத்துக்கு ஒரு ரூபாய் இருபது பைசா. நம் ஊர்க் கணக்கில் அது "ஒண்ணே கால் வட்டி"க்கு ஒரு மயிரிழை கீழே. வருஷத்துக்கு 14.6 சதவீதம். ஐந்து பைசா வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஒன்றரை வட்டி, வருஷம் 18 சதவீதத்துக்கு மேல். தென்காசி பஜாரில் யாரிடமாவது "அண்ணாச்சி, ஒண்ணே கால் வட்டிக்குப் பணம் தாரேன், பங்கு வாங்குதீங்களா" என்று கேளுங்கள். "வங்கியில நகையை வச்சாலே முக்கால் வட்டி சுமாருக்குக் கிடைக்குதே, உம்மகிட்ட எதுக்குவே" என்பார். அதே மனிதர் செயலியில் நாலு பைசா என்று பார்த்தால் அமுக்கிவிடுகிறார். வட்டியை மாதக் கணக்கில் சொன்னால் நமக்குப் புரியும். அதனால்தான் தினக் கணக்கில் சொல்கிறார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நாலு பைசா எதன்மேல்? உங்கள் ஒரு லட்சத்தின்மேல் இல்லை, கடன் வாங்கிய மூன்று லட்சத்தின்மேல். தினம் 120 ரூபாய். ஆனால் அதைச் சுமப்பது யார்? உங்கள் ஒரு லட்சம்தான். ஆக உங்கள் பணத்தின்மேல் பார்த்தால் நூற்றுக்குத் தினம் பன்னிரண்டு பைசா, மாதம் மூன்று ரூபாய் அறுபது பைசா. மூன்றரை வட்டி. "நாலு மடங்கு வாங்கலாம்" என்பதையும் "நாலு பைசா வட்டி" என்பதையும் ஒரே படத்தில் போடுகிறவர்கள் இந்தப் பெருக்கலை மட்டும் போட மறந்துவிடுகிறார்கள்.

இந்த 120 ரூபாய் சந்தை நடக்கிற நாளில் மட்டும் ஓடுவதில்லை. சனி, ஞாயிறு, தீபாவளி, பொங்கல் எல்லா நாளும் ஓடும். சீசன் கடை போடுகிறவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. தண்டலுக்குப் பணம் வாங்கி ஐந்தருவிப் பக்கம் கடை போடுவீர்கள். வெள்ளம் வந்து குளிக்கத் தடை என்று போலீஸ் கயிறு கட்டிவிட்டால் கடைக்கு ஆள் வராது. தண்டல்காரர் மட்டும் வருவார். அதே கணக்குதான். பெரும்பாலான இடங்களில் வாங்கியதற்கு மறுநாளிலிருந்து விற்கிற நாள்வரை நாட்களை எண்ணுவார்கள். சில தரகர்கள் வாரம் ஒருதரம், சிலர் மாதம் ஒருதரம் உங்கள் லெட்ஜரில் அதைக் கழிப்பார்கள். கழித்த பிறகு லெட்ஜரில் பணம் இல்லாமல் கழித்தல் குறி வந்துவிட்டால், அந்தப் பாக்கிக்குத் தாமத வட்டி என்று தனியாக ஒன்று ஓடும். அது பெரும்பாலும் எம்டிஎஃப் வட்டியைவிடக் கூடுதல்.

வட்டி தவிர மற்றச் செலவுகளும் உண்டு. அவற்றில் பெரியது அரசாங்கத்துக்குப் போகிற பரிவர்த்தனை வரி, எஸ்டிடி. வாங்கும்போது நூற்றுக்குப் பத்து பைசா, விற்கும்போது பத்து பைசா. இது ரொக்கத்துக்கும் உண்டு, கடனுக்கும் உண்டு. ஆனால் கடனில் வாங்கினால் இது நாலு லட்சத்தின்மேல். ரொக்கத்தில் இருநூறு ரூபாய் கட்டுகிறவர் இங்கே எண்ணூறு கட்டுகிறார். முத்திரைக் கட்டணமும் அப்படியே. பிறகு அடமானம் வைக்க ஒரு கட்டணம், எடுக்க ஒரு கட்டணம், ஜிஎஸ்டியோடு தலைக்குப் பதினைந்து இருபது ரூபாய். ரொக்கத்தில் வாங்கினால் தரகு இல்லை என்று சொல்கிற சில இடங்களில் எம்டிஎஃப்புக்குத் தரகு உண்டு. எல்லாம் சேர்த்து, நான் சொல்லும் நாலு லட்சத்துக்கு ஆயிரம் ரூபாய் என்று ரவுண்டாக வைத்துக்கொள்கிறேன். உங்கள் பணத்தில் அது ஒரு சதவீதம். முதல் நாளே போய்விட்டது.

இனி ஒரு கணக்கு. என்னிடம் படித்த ஒருவர் தன் லெட்ஜரை அச்செடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். இலஞ்சிக்காரர், சீசனில் கடை வைப்பவர். பேர் போடாமல் எழுதச் சொல்லி அனுமதி கொடுத்தார். தரகர் யார் என்பது நமக்குத் தேவையில்லை, அவர் விதிப்படிதான் நடந்திருக்கிறார். எண்களை மட்டும் எளிமைக்காக முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

அவர் போட்டது ஒரு லட்சம். கடன் மூன்று லட்சம். 400 ரூபாய்ப் பங்கு 1,000. தரகர் கேட்கிற மார்ஜின் 25 சதவீதம். அதாவது எந்த நாளிலும் பங்கின் அன்றைய மதிப்பில் கால் பாகம் அவருடைய பணமாக இருக்க வேண்டும்.

நாற்பது நாளில் விலை மெல்ல இறங்கி 360-க்கு வந்தது. பத்து சதவீதம். நல்ல கம்பெனிகளே வருஷத்துக்கு இரண்டு தரம் இப்படி இறங்கி ஏறும், இது ஒன்றும் பெரிய வீழ்ச்சி இல்லை. இப்போது பங்கின் மதிப்பு 3,60,000. கடன் அப்படியே 3,00,000. ஆக அவர் பணம் 60,000. பத்து சதவீத இறக்கத்தில் நாற்பது சதவீதம் போயிற்று. இருக்க வேண்டியது 3,60,000-ல் கால் பாகம், 90,000. முப்பதாயிரம் குறைகிறது. இந்த நாற்பது நாள் வட்டி 4,800-ஐ அவர் தனியாகக் கட்டிவிட்டார், இல்லையென்றால் குறைவு இன்னும் கூடும்.

"மார்ஜின் பற்றாக்குறை, உடனே பணம் செலுத்தவும்" என்று செய்தி வந்தது. மின்னஞ்சலும் வந்தது. அன்றைக்குச் சாரல் நல்ல பிடி. அருவிக்கரையில் கூட்டம் அலைமோதுகிறது, கடையில் மனிதருக்குத் தலை நிமிர நேரமில்லை. பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் முப்பதாயிரத்துக்கு எங்கே போவது, பணம் எல்லாம் சரக்கில் கிடக்கிறது. தரகர் விற்றார்.

எவ்வளவு விற்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? முப்பதாயிரத்துக்கு என்று நினைத்தால் தப்பு. கையில் இருக்கும் 60,000, கால் பாகமாக நிற்கக்கூடிய அளவு 2,40,000 ரூபாய்ப் பங்குக்குத்தான். ஆக 1,20,000 ரூபாய்க்கு விற்க வேண்டும். முப்பதாயிரம் பற்றாக்குறைக்கு அதைப்போல் நாலு மடங்கு விற்பனை. 334 பங்கு 360 ரூபாய்க்குப் போயிற்று. கடன் 1,79,760-ஆகக் குறைந்தது. மீதி 666 பங்கு. இப்படி விற்பதற்கென்று சில தரகர்கள் தனிக் கட்டணமும் போடுகிறார்கள்.

இன்னும் அறுபது நாளில் விலை பழைய 400-க்கே திரும்பி வந்தது. அவர் எல்லாவற்றையும் விற்றுவிட்டார். 666 பங்குக்கு 2,66,400. கடன் கழித்தால் 86,640. பிந்திய அறுபது நாள் வட்டி 4,314, முந்திய வட்டி 4,800, மற்றச் செலவு ஆயிரம். கடைசியில் கைக்கு வந்தது ஏறக்குறைய 76,500 ரூபாய்.

அதே நாளில் அதே ஒரு லட்சத்துக்கு அதே பங்கை ரொக்கமாக 250 வாங்கி, அதே நாளில் விற்றவருக்குச் செலவு போக 99,700-க்கு மேல் கிடைத்திருக்கும். பங்கு ஒன்று, விலை ஒன்று, நாள் ஒன்று. பங்கு நஷ்டமே தரவில்லை. 400-க்கு வாங்கி 400-க்கு விற்றதில் ஒருவருக்கு நூற்றுக்கு இருபத்துமூன்று ரூபாய் போயிற்று. அவர் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "சார், விலைதான் திரும்பி வந்துட்டே, என் பணம் எங்க போச்சு?" அதில் 13,360 போன இடம் அந்த 334 பங்கு. பள்ளத்தில் விற்கப்பட்டவை மேட்டுக்குத் திரும்பி வரவில்லை. மீதி வட்டியும் செலவும். அவ்வளவுதான் கணக்கு.

"ஏறியிருந்தால்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். நூறு நாளில் நேராகப் பத்து சதவீதம் ஏறியிருந்தால் 40,000 லாபம், அதில் வட்டி 12,000, செலவு 1,000 போக 27,000 நிற்கும். ரொக்கக்காரருக்குப் பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் கீழே. உண்மைதான், கூடுதல்தான். ஆனால் நாலு மடங்கு என்று சொன்னார்களே, மூன்று மடங்குகூட முழுசாக இல்லையே. இறங்கும்போது மட்டும் நாலு மடங்கும் முழுசாக வந்துவிடுகிறது, வட்டியும் சேர்ந்து. நூறு நாளில் மூன்றேகால் சதவீதம் ஏறினால்தான் அவருக்கு அசல் தேறும். ரொக்கக்காரர் அதுவரை பொறுமையாகக் காத்திருப்பார், இவருக்குக் காத்திருப்பதற்கே தினம் 120 ரூபாய்.

டெக்சாஸில் இருக்கிற என் மருமகப்பிள்ளை ஒருவர் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார். "மாமா, இங்கே எல்லாரும் மார்ஜின் அக்கவுண்ட்தான் வைத்திருக்கிறார்கள், இது உலகம் முழுக்க சகஜம்." சகஜம்தான். ஆனால் அங்கே விதி என்ன என்பதையும் அவரே சொல்ல வேண்டும். அமெரிக்க மத்திய வங்கியின் ரெகுலேஷன் டி என்ற விதிப்படி பங்கு வாங்கும்போது பாதிப் பணம் உங்களுடையதாக இருக்க வேண்டும். வாங்கிய பிறகு அது மதிப்பில் கால் பாகத்துக்குக் கீழே போனால்தான் விதிப்படி அழைப்பு வரும். பல தரகர்கள் முப்பதோ அதற்கு மேலோ வைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு ரூபாய்ப் பங்கு, ஐம்பது கடன். உங்கள் பங்கு கால் பாகமாகக் குறைய விலை 67 ரூபாய் பக்கம் வர வேண்டும். மூன்றில் ஒரு பாகம் விழும்வரை அவருக்கு இடைவெளி இருக்கிறது. நம் பிள்ளை தொடங்குவதே கால் பாகத்தில், நிற்க வேண்டியதும் கால் பாகத்தில். வாங்கிய மறுநாள் ஒரு ரூபாய் இறங்கினாலே பற்றாக்குறை. படிக்கட்டின் முதல் படியில் நிற்கிறவனும் அருவியின் உச்சிப் பாறையில் நிற்கிறவனும் "நாங்கள் இருவரும் நிற்கிறோம்" என்று சொல்லிக்கொள்ளலாம்.

விலை இறங்காமலே பற்றாக்குறை வரும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், இது பலருக்குத் தெரியாது. அந்த 25 சதவீதம் கல்வெட்டு இல்லை. ஒவ்வொரு பங்கும் எவ்வளவு ஆடுகிறது என்பதை வைத்து எக்ஸ்சேஞ்ச் தினமும் ஒரு சதவீதம் கணக்கிடுகிறது. அதன்மேல் எம்டிஎஃப்புக்கென்று செபி சொன்ன கூடுதலைச் சேர்த்தால் வருவது குறைந்தபட்ச மார்ஜின். அதற்கு மேல் தரகர் தன் இஷ்டத்துக்கு ஏற்றிக்கொள்ளலாம். சந்தை பதற்றமானால் இது தானாகவே ஏறும். 25 என்று இருந்தது 35 ஆனால், விலை 400-லேயே நின்றாலும் நாலு லட்சத்துக்கு 1,40,000 இருக்க வேண்டும், நாற்பதாயிரம் குறைகிறது. எம்டிஎஃப் பட்டியலிலிருந்து பங்கையே எடுத்துவிட்டால் முழுப் பணமும் கட்ட வேண்டியதுதான். இதெல்லாம் எப்போது நடக்கும்? எல்லாருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்படுகிற நாளில்தான் நடக்கும். 2024 ஜூன் 4, தேர்தல் முடிவு நாள். நிஃப்டி ஒரே நாளில் ஆறு சதவீதம் பக்கம் விழுந்தது, தனிப் பங்குகள் சில இருபது சதவீதம் பக்கம் விழுந்தன. நாலு மடங்கு வாங்கியவனுக்கு இருபது சதவீத வீழ்ச்சி என்றால் ஒரு லட்சத்தில் எண்பதாயிரம். ஒரே நாளில், சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால்.

சின்னக் கம்பெனிப் பங்கென்றால் இன்னொன்றும் உண்டு. கீழ் சர்க்யூட்டில் மாட்டிக்கொண்டால் வாங்க ஆள் இருக்காது. விற்கலாம் என்று தரகர் நினைத்தாலும் முடியாது. மறுநாளும் அதே. மூன்று நாள் கழித்து விற்கும்போது வருகிற பணம் கடனைவிடக் குறைவாக இருந்தால் மீதி உங்கள் பேரில் பாக்கி. போட்டது போகட்டும் என்று ரொக்கக்காரர் சொல்லலாம். இங்கே போட்டதும் போய், போடாததும் போகும். அந்தப் பாக்கிக்கும் வட்டி ஓடும், தரகர் சட்டப்படி வசூலிக்கலாம்.

ஒன்றை நியாயமாகச் சொல்ல வேண்டும். இது கந்துவட்டி இல்லை. வீட்டு வாசலில் யாரும் வந்து நிற்க மாட்டார்கள், வட்டி முன்கூட்டியே எழுதியிருக்கிறது, செபியின் கண்காணிப்பு இருக்கிறது. 2017 அக்டோபர் 23 அன்று நெல்லைக் கலெக்டர் அலுவலகத்தில் காசிதர்மத்துக் குடும்பத்துக்கு நடந்ததை மறக்காத ஊர் இது, அந்த வார்த்தையை நான் சும்மா வீச மாட்டேன். ஆனால் கடன் எங்கே வலிக்கும் என்று இந்த மாவட்டத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்? தெரிந்தவர்களே செயலியில் பார்த்தால் அதைக் கடன் என்று அடையாளம் காணவில்லை என்பதுதான் என் ஆத்திரம். நாடு முழுக்க இப்படி வாங்கி நிற்கிற கடன் 2025-ல் ஒரு லட்சம் கோடி ரூபாயைத் தாண்டிவிட்டது. தரகு குறைந்துபோன காலத்தில் தரகர்களுக்கு இந்த வட்டிதான் நிச்சயமான வருமானம். விலை ஏறினாலும் அவர்களுக்கு 120, இறங்கினாலும் 120. அதனால்தான் அந்தப் பொத்தான் அவ்வளவு கைக்கு வாகாக இருக்கிறது. நானாக இருந்தால் அதைத் திரையிலிருந்து எடுத்து உள்ளே மூன்று பக்கம் தள்ளி வைப்பேன், மேலே "கடன்" என்று எழுதுவேன், அமுக்கும்போது தினம் எத்தனை ரூபாய், எந்த விலையில் நாங்கள் விற்போம் என்ற இரண்டு எண்களைக் காட்டச் சொல்வேன். செபி நினைத்தால் ஒரு சுற்றறிக்கையில் முடிகிற வேலை.

நாலு நாளில் வைப்புத்தொகை முதிர்ந்து கைக்கு வருகிறது, அதற்குள் இந்த விலைக்கு வாங்கிவிட வேண்டும் என்று ஒருவர் எம்டிஎஃப்பில் வாங்கி, பணம் வந்ததும் மீதியைக் கட்டி ரொக்கமாக மாற்றிக்கொண்டால், 480 ரூபாய் வட்டியோடு முடிந்துவிடும். அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பணம் வருகிற தேதி தெரிந்து வாங்குகிற கைமாற்று அது. நம் குழுவில் நடப்பது அது இல்லை. "ஏறட்டும், பார்க்கலாம்" என்று தேதியில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள்.

ஏற்கெனவே வாங்கி வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே இதைச் செய்யுங்கள். செயலியில் உங்கள் பங்குகள் இருக்கும் பக்கத்துக்குப் போய் எதன் பக்கத்தில் MTF என்று இருக்கிறது என்று பாருங்கள். சிலருக்கு அங்கேதான் முதன்முதலாகத் தெரியவரும், ரொக்கமாக வாங்கினோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். பிறகு லெட்ஜரை இறக்கி அதில் வட்டி என்று கழிக்கப்பட்ட தொகைகளைக் கூட்டுங்கள். கடன் தொகையை 0.75 ஆல் வகுத்து, வருவதைப் பங்கின் எண்ணிக்கையால் வகுங்கள். மார்ஜின் 25 சதவீதமாக இருந்தால் அந்த விலைக்குக் கீழே போகும்போது செய்தி வரும். வேறு சதவீதமாக இருந்தால் நூறிலிருந்து அதைக் கழித்துவிட்டு வகுக்க வேண்டும், 35 என்றால் 0.65. அதை இன்றைய விலைக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெளியே வர வேண்டுமானால் இரண்டு வழி. மீதிப் பணத்தைக் கட்டி ரொக்கமாக மாற்றலாம், அடமானம் எடுக்கும் கட்டணம் மட்டும் ஆகும். அல்லது நீங்களே விலை பார்த்து ஒரு பகுதியை விற்றுக் கடனை அடைத்து, மிச்சத்தைச் சொந்தப் பங்காக வைத்துக்கொள்ளலாம்.

கணக்கு இடிக்கிறவர்கள் கீழே எழுதுங்கள். பேர், பங்கின் பேர், தரகர் பேர் எதுவும் வேண்டாம். உங்கள் பணம், கடன் தொகை, பங்கின் எண்ணிக்கை, மார்ஜின் சதவீதம், வாங்கிய தேதி போதும். சாயங்காலம் நடை போய்விட்டு வந்து ஒவ்வொன்றாகப் போட்டுத் தருகிறேன். பத்துக்குப் பத்து வாங்கிய அந்த நேந்திரம் சிப்ஸ்காரர் முதலில் வரட்டும்.

உங்கள்
கணக்கு வாத்தியார்
குற்றாலம்